ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தாயிற்றா? கோப்பை மீட்க நான்கு வழிகள், எது யாருக்கு?

நங்கநல்லூரில் எங்கள் தெருக் கோடியில் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொருளாளர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்தார். "தம்பி, டெஸ்க்டாப்பைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தலாம்னு வேண்டாததை எல்லாம் அழிச்சேன். அப்படியே ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிட்டேன். இப்ப பார்த்தா மெயின்டனன்ஸ் ஷீட்டைக் காணோம். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத் தூக்கிட்டுப் போகவா? இல்ல, யூடியூபில ஏதோ சாஃப்ட்வேர் சொல்றாங்களே, அதைப் போடவா?"

"ரெண்டும் வேண்டாம் சார். முதல்ல கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணுங்க, சாயங்காலம் வர்றேன்" என்றேன்.

அதே வாரம் என் அக்கா மகள் தன் லேப்டாப்போடு வந்து நின்றாள். கல்லூரி புராஜெக்ட் பிபிடி போய்விட்டது, அவளும் பின்னைக் காலி செய்துவிட்டாள். கேள்வி ஒன்றேதான். ஆனால் இருவருக்கும் நான் சொன்ன வழி வேறு வேறு. ஒருவருக்குப் பலித்தது இன்னொருவருக்குப் பலிக்கவே பலிக்காது. அது ஏன் என்று புரிந்தால், எந்த வழியில் போவது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். இங்கே சொல்வதெல்லாம் விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு.

## முடிவு செய்யுமுன் பார்க்க வேண்டியவை

ஹார்டு டிஸ்கா, எஸ்எஸ்டியா? மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து `Performance` பக்கத்தில் டிஸ்க்கைச் சொடுக்கினால் HDD அல்லது SSD என்று போட்டிருக்கும்.

பின்னைக் காலி செய்யும்போது விண்டோஸ் கோப்பின் உள்ளடக்கத்தை அழிப்பதில்லை. அந்த இடம் இனிக் காலி என்று தன் பதிவேட்டில் குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கில் வேறொரு கோப்பு அதே இடத்தில் வந்து உட்காரும் வரை பழைய எழுத்துகள் அங்கேயே கிடக்கும். மீட்பு மென்பொருள்களெல்லாம் பிழைப்பது இதை வைத்துத்தான்.

எஸ்எஸ்டியில் கதை வேறு. கோப்பு நீங்கிய கையோடு, "இந்த இடம் இனி வேண்டாம்" என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்கே சொல்லிவிடுகிறது. இதற்கு டிரிம் என்று பெயர். அதற்குப் பிறகு அந்த இடத்தைப் படிக்கச் சொன்னால் பெரும்பாலான எஸ்எஸ்டிகள் வெறும் பூஜ்யங்களைத்தான் தரும். உள்ளே இருந்ததை எஸ்எஸ்டி தன் ஓய்வு நேரத்தில் தானே துடைத்துவிடும். உங்கள் கம்ப்யூட்டரில் டிரிம் இயங்குகிறதா என்று பார்க்க, கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இதை அடியுங்கள்:

```
fsutil behavior query DisableDeleteNotify
```

NTFS என்ற வரியில் 0 என்று வந்தால் டிரிம் இயங்குகிறது. புது லேப்டாப் என்றால் அநேகமாக 0தான் வரும். (புதிதாக வரும் சில ஹார்டு டிஸ்க்குகளிலும் டிரிம் உண்டு. அதனால் ஹார்டு டிஸ்க் என்றாலே நிச்சயம் கிடைத்துவிடும் என்று சத்தியம் செய்யமாட்டேன்.)

அழித்த பிறகு என்ன செய்தீர்கள்? அழித்து எத்தனை நாளாயிற்று என்பதைவிட, அதற்குப் பிறகு அந்த டிரைவில் எவ்வளவு எழுதப்பட்டது என்பதுதான் கணக்கு. ஒரு மாதமாக அணைத்தே கிடக்கும் ஹார்டு டிஸ்க்கில் கோப்பு பத்திரமாக இருக்கும். அழித்த அரை மணி நேரத்துக்குள் விண்டோஸ் அப்டேட் ஓடிய டிஸ்க்கில் இருக்காமல் போகலாம். பிரவுசரில் "கோப்பை மீட்பது எப்படி" என்று தேடுவதுகூட C: டிரைவில் எழுதும் வேலைதான். தேடலை போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பு C:-இல் இருந்ததா, D:-இலா? டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் வழக்கமாக C:-இல்தான் இருக்கும். விண்டோஸ் ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும் இடமும் அதுதான். கோப்பு D:-இல் இருந்திருந்தால் உங்களுக்கு நல்ல நேரம். D:-இல் எதையும் சேமிக்காதவரை நிதானமாக வேலை பார்க்கலாம்.

கோப்பில் என்ன இருக்கிறது? ஆதார் நகல், சம்பளப் பட்டியல், வீட்டுப் படங்கள் போன்றவற்றை முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்கச் சம்மதமா? பணச் செலவுக்கு முன்னால் யோசிக்க வேண்டியது இது.

## வழி 1: வேறெங்காவது இருக்கும் பிரதி

யாருக்கும் முதலில் தோன்றாத வழி இதுதான். பணம் ஆகாது, டிஸ்க்குக்கும் ஆபத்தில்லை, எஸ்எஸ்டியோ ஹார்டு டிஸ்கோ கவலையில்லை. இங்கே பார்த்துவிட்டுத்தான் மற்ற வழிகளுக்குப் போக வேண்டும். போனிலிருந்தே பார்த்துவிடலாம்.

முதலில் ஒன்டிரைவ். விண்டோஸ் 11 போட்ட லேப்டாப்பை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்திருந்தால், டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் நமக்கே தெரியாமல் ஒன்டிரைவில் ஏறிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. அப்படியென்றால் நீங்கள் அழித்த கோப்பு கம்ப்யூட்டரின் ரீசைக்கிள் பின்னுக்கு மட்டுமல்ல, ஒன்டிரைவ் இணையதளத்தில் இருக்கும் தனிப் பின்னுக்கும் போயிருக்கும். இங்கே காலி செய்தால் அங்கே காலி ஆகாது. தனிநபர் கணக்கில் 30 நாள் வரை அது அங்கே இருக்கும். அலுவலக, கல்லூரிக் கணக்கென்றால் பொதுவாக 93 நாள். `onedrive.live.com` போய் இடப்பக்கம் `Recycle bin` என்பதைத் திறந்து பாருங்கள். கூகுள் டிரைவின் `Trash`-இலும் 30 நாள் கெடு உண்டு.

அடுத்தது ஜிமெயிலின் அனுப்பிய பெட்டி. அதற்கடுத்து வாட்ஸ்அப். ஆண்ட்ராய்டு போனிலிருந்து ஆவணம் அனுப்பியிருந்தால், போனின் கோப்பு மேலாளரில் `Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Documents/Sent` என்ற ஃபோல்டரில் ஒரு பிரதி கிடக்கக்கூடும்.

கோப்பு இருந்த ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து `Properties`, பிறகு `Previous Versions` என்றும் ஒரு முறை பார்த்துவிடலாம். கோப்புகளுக்குத் தானாகப் பிரதி எடுத்து வைக்கும் விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி வசதியை முன்பே இயக்கி வைத்திருந்தால் இங்கே கிடைக்கும். வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும், ஏமாற வேண்டாம்.

இந்த வழியில் குறை ஒன்றுதான். கிடைப்பது பழைய பிரதியாக இருக்கலாம். என் அக்கா மகளுக்கு நடந்தது அதுதான், கீழே சொல்கிறேன்.

## வழி 2: மைக்ரோசாஃப்டின் winfr, நம் கையாலேயே

பொருளாளர் வீட்டுக் கம்ப்யூட்டர் பழைய டெஸ்க்டாப். 500 ஜிபி ஹார்டு டிஸ்க், கோப்பு C:-இல் டெஸ்க்டாப்பில் இருந்தது. ஒன்டிரைவ் கிடையாது, மின்னஞ்சலில் யாருக்கும் அனுப்பவில்லை. "மாசா மாசம் பிரின்ட் எடுத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டிடுவேன் தம்பி" என்றார். ஆக, வழி 1 அங்கே அடைபட்டுவிட்டது.

விண்டோஸ் ஃபைல் ரெகவரி என்பது மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் கருவி, கட்டளையில் அதன் பெயர்தான் winfr. விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பும் அதற்குப் பிந்தையவையும் வேண்டும். பட்டன்கள் எதுவும் இல்லை, கட்டளை அடித்துத்தான் வேலை வாங்க வேண்டும். அதைப் பார்த்துப் பலர் ஓடிவிடுகிறார்கள். அடிக்க வேண்டியது ஒரே ஒரு வரிதான்.

ஒரு சிக்கல் உண்டு. இந்தக் கருவியை அழிந்த கோப்பு இருக்கும் அதே C:-இல் நிறுவினால், தேடப்போகும் இடத்தின் மேலேயே எழுதிவிட்ட கதையாகிவிடலாம். அதனால் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, ஹார்டு டிஸ்க்கை வெளியே எடுத்து, சாட்டாவிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் கேபிள் வழியாக என் லேப்டாப்பில் சொருகினேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கேபிள். 3.5 அங்குல டிஸ்க் என்றால் தனி மின் அடாப்டரோடு வருவதாகப் பார்த்து வாங்க வேண்டும். அவருடைய டிஸ்க் என் லேப்டாப்பில் F: ஆக வந்தது. மீட்டதைப் போட என்னுடைய D:. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, கோப்பின் பெயர் நினைவிருந்ததால் முதலில் இதை அடித்தேன்:

```
winfr F: D: /regular /n *maint*
```

முதலில் எழுதுவது கோப்பு தொலைந்த டிரைவ், அடுத்தது மீட்டதைச் சேமிக்கும் டிரைவ். இரண்டும் ஒன்றாக இருந்தால் கருவி ஒத்துக்கொள்ளாது. தொடரலாமா என்று கேட்டதும் `y` அடித்தேன். சில நிமிடம் ஓடி முடித்து, தேடிய ஷீட் இல்லை என்று கைவிரித்தது.

பொருளாளர் முகம் தொங்கிவிட்டது. "போச்சா தம்பி?"

போகவில்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் நம்பிக்கை இழந்து கருவியைத் திட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரு கோப்பை ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்பும்போது விண்டோஸ் அதன் பெயரை மாற்றிவிடுகிறது. `Maint_2024-25.xlsx` என்பது `$R`-இல் தொடங்கி, தொடர்ந்து ஆறு எழுத்து, எண் கலவை வரும் ஒரு பெயராகிவிடும், `$R7KQ2ZD.xlsx` என்கிற மாதிரி. கடைசியில் வரும் `.xlsx` மட்டும் மாறாது. கூடவே அதே ஆறு எழுத்தோடு `$I7KQ2ZD.xlsx` என்று ஒரு குட்டிக் கோப்பும் பிறக்கும். பழைய பெயரும், எந்த ஃபோல்டரில் இருந்தது, எப்போது அழித்தோம் என்ற குறிப்பும் இந்தக் குட்டிக்குள் இருக்கும். பின்னைத் திறந்தால் பழைய பெயர் தெரிவது இந்தக் குறிப்பால்தான். பின்னைக் காலி செய்யும்போது நீங்குவது இந்த இரண்டும். ஆக, பதிவேட்டில் நாம் தேட வேண்டியவர் புதுப் பெயரில் இருக்கிறார். பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எப்படி வருவார்?

அதனால் பெயரை விட்டுவிட்டு வகையைச் சொல்லித் தேடினேன்:

```
winfr F: D: /regular /n *.xlsx
```

இந்த முறை D:-இல் `Recovery_` என்று தொடங்கி தேதி, நேரத்தோடு ஒரு ஃபோல்டர் உருவாகி, அதற்குள் நாற்பது சொச்சம் எக்செல் கோப்புகள் வந்து விழுந்தன. அவற்றில் `$R` பெயரில் மூன்று, `$I` பெயரில் மூன்று. `$I` ஒன்றை அவர் ஆர்வத்தில் எக்செல்லில் திறக்கப் பார்த்து, "கெட்டுப்போச்சுன்னு சொல்லுதே" என்று பதறினார். அது கெடவில்லை. அது எக்செல் கோப்பே கிடையாது, நூறு பைட் சொச்சம் உள்ள விலாசச் சீட்டு. நோட்பேடில் திறந்தால் புரியாத எழுத்துகளுக்கு நடுவே பழைய பாதையும் பெயரும் இடைவெளி விட்டு விட்டுத் தெரியும். மூன்று சீட்டுகளில் ஒன்றில் `Maint_2024-25` இருந்தது. அதே ஆறு எழுத்து உள்ள `$R` கோப்பைத் திறந்தோம். மார்ச் மாத லிஃப்ட் பராமரிப்புக் கணக்கு வரை எல்லாம் இருந்தது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் அழித்தது தனிக் கோப்பாக இல்லாமல் ஒரு முழு ஃபோல்டராக இருந்தால், `$R` பெயர் அந்த ஃபோல்டருக்கு மட்டும்தான். உள்ளே இருக்கும் கோப்புகள் தங்கள் பழைய பெயரோடு இருக்கும். அப்போது பெயர் சொல்லித் தேடினாலும் கிடைக்கும்.

`/regular` முறையில் கிடைக்காவிட்டால் அதே வரியில் `/extensive` என்று மாற்றி ஓட்டலாம். முந்தையதைவிட ஆழமாக அலசும். 500 ஜிபி டிஸ்க்குக்கு மணிக்கணக்கில் ஆகும், இரவு படுக்கப் போகும்போது போட்டுவிட்டுப் போகலாம். இதனால் எதிர்பாராத ஒரு நன்மையும் உண்டு. எக்செல், வேர்டு போன்றவை ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் புதுக் கோப்பாக எழுதிப் பழையதை நீக்குகின்றன. அதனால் ஹார்டு டிஸ்க்கில் ஒரே ஷீட்டின் பழைய வடிவங்கள் அங்கங்கே சிதறிக் கிடக்கும். கடைசி வடிவம் போயிருந்தாலும் போன வாரத்தது ஒன்று கையில் சிக்கலாம்.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால் நேரமும், கேபிளும், டிஸ்க்கைக் கழற்றும் துணிச்சலும். லேப்டாப் என்றால் இன்னொன்று: பிட்லாக்கர் பூட்டு இயங்கிக்கொண்டிருந்தால், டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் சொருகியதும் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். கழற்றுமுன் `aka.ms/myrecoverykey` என்ற முகவரியில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

### அக்கா மகளுடைய லேப்டாப்பில் அதே கட்டளை

அவளுடையது எஸ்எஸ்டி. `fsutil` 0 காட்டியது. பலிக்காது என்று தெரிந்தும், அவள் கேட்டுக்கொண்டதால் ஒரு பென் டிரைவைச் சொருகி ஓட்டிப் பார்த்தேன். ஆச்சரியம், `$R` பெயரில் 18 எம்பி பிபிடிஎக்ஸ் ஒன்று வந்துவிட்டது! "மாமா, கிடைச்சிடுச்சு!" என்று குதித்தாள். பவர்பாயின்ட்டில் திறந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்கிறது. நோட்பேடில் திறந்து காட்டினேன். முழுக்க வெறுமை.

பெயரும் அளவும் விண்டோஸின் பதிவேட்டில் தங்கியிருந்தன, உள்ளடக்கத்தை டிரிம் கொண்டுபோய்விட்டது. எக்செல், வேர்டு, பவர்பாயின்ட் கோப்புகள் உண்மையில் ஜிப் பொட்டலங்கள்தான். நல்ல கோப்பை நோட்பேடில் திறந்தால் முதல் இரண்டு எழுத்து `PK` என்று இருக்கும். பிடிஎஃப் என்றால் `%PDF` என்று தொடங்கும். அது இல்லாமல் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒன்றுமே இல்லையென்றால், அந்தப் பிரதியை வைத்துக்கொண்டு 'ரிப்பேர் டூல்' தேடி அலைய வேண்டாம். ரிப்பேர் செய்ய அதில் ஒன்றும் இல்லை.

கடைசியில் கை கொடுத்தது வழி 1தான். இரண்டு நாள் முன்பு குழுத் தோழிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி அந்தத் தோழியின் போனில் இருந்தது. கடைசி நான்கு ஸ்லைடு அதில் இல்லை. ராத்திரி உட்கார்ந்து திரும்பப் போட்டாள்.

## வழி 3: ரெகுவா, போட்டோரெக், கட்டண மென்பொருள்கள்

இவையும் வழி 2 செய்யும் வேலையைத்தான் செய்கின்றன. கட்டளைக்குப் பதில் ஜன்னல்களும் பட்டன்களும். ஹார்டு டிஸ்க், கறுப்புத் திரை பிடிக்காது என்றால் ரெகுவா வசதியானது. பென் டிரைவிலிருந்தே ஓடும் போர்ட்டபிள் வடிவம் உண்டு, அதனால் C:-இல் நிறுவ வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயத்தில் winfr-ஐவிட இது மேல். கழற்றி மாட்டத் தெரியாதவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். வேறு கம்ப்யூட்டரில் இறக்கிப் பென் டிரைவில் போட்டுக் கொண்டுவர வேண்டும். மீட்டதையும் பென் டிரைவிலேயே சேமிக்க வேண்டும்.

போட்டோரெக் பதிவேட்டைப் பார்ப்பதே இல்லை. டிஸ்க்கை வரிசையாகப் படித்து, இங்கே ஒரு ஜேபெக் தொடங்குகிறது, இங்கே ஒரு ஜிப் தொடங்குகிறது என்று அடையாளம் கண்டு வெட்டி எடுக்கிறது. பதிவேடே குழம்பிப்போன டிஸ்க்கில் இது கை கொடுக்கும். பதிலுக்குப் பெயர்கள் எல்லாம் போய், `f` என்ற எழுத்தும் எண்களுமாக ஆயிரக்கணக்கில் கோப்புகள் வந்து குவியும். டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறியிருந்த பெரிய கோப்புகள் அரைகுறையாக வரும். கல்யாணப் படங்களுக்குச் சரி. ஒரே ஒரு ஷீட்டைத் தேடுபவருக்கு வைக்கோல் போரில் ஊசி.

கட்டண மென்பொருள்களில் பார்க்க வேண்டிய பொறி ஒன்று. இலவச வடிவம் தேடிக் காட்டும், சேமிக்கப் பணம் கேட்கும். பட்டியலில் உங்கள் கோப்பின் பெயர் பச்சைப் புள்ளியோடு, "நிலை: மிக நன்று" என்று மின்னும். அந்தப் புள்ளிக்கு, அந்த இடத்தை வேறு கோப்பு இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை என்று மட்டும்தான் பொருள். எஸ்எஸ்டியில் உள்ளே பூஜ்யமாக இருந்தாலும் புள்ளி பச்சையாகத்தான் இருக்கும். முன்னோட்டத்தில் கோப்பின் உள்ளடக்கம் கண்ணில் தெரியாமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். கிராக் செய்த வடிவம் தேடுபவர்களுக்கு என்ன சொல்வது? போனது ஒரு கோப்பு, வைரஸ் வந்தால் மிச்சமும் போகும்.

## வழி 4: கடை அல்லது டேட்டா ரெகவரி லேப்

ரிச்சி தெருவிலும் நகரத்தில் வேறு பல இடங்களிலும் இந்தச் சேவை உண்டு. அங்கே போவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தூசியில்லா அறை, டிஸ்க்கின் தலையை மாற்றுவது போன்ற விலையுயர்ந்த வேலைகளெல்லாம் பழுதான டிஸ்க்குக்கு. உங்கள் டிஸ்க் நன்றாக ஓடுகிறது, கோப்பு மட்டும்தான் இல்லை என்றால், அவர்கள் ஓட்டப்போவதும் வழி 2, 3 வகை மென்பொருளைத்தான். அவர்களுடையது கொஞ்சம் உயர்ந்த ரகம், கை தேர்ந்தது. டிரிம் துடைத்த எஸ்எஸ்டியை வழக்கமான முறையில் அவர்களாலும் மீட்க முடியாது. சில வகை எஸ்எஸ்டிகளில் உடனே மின்சாரத்தை நிறுத்தியிருந்தால், சிறப்புக் கருவி கொண்டு உள்ளே நுழைந்து இன்னும் துடைக்காததை எடுக்கும் நுட்பம் பெரிய லேப்களில் உண்டு. அதற்கு அந்த மாடல் ஒத்துழைக்க வேண்டும், வாய்ப்பும் குறைவு, செலவும் அதிகம்.

லேப்புக்கு நேராகப் போக வேண்டியவர்கள் சிலர் உண்டு. டிஸ்க்கில் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது, அல்லது ஒரு ஃபோல்டர் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆகிறது என்றால், நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு தேடலும் அதன் ஆயுளைக் குறைக்கும். வழக்குக்கோ வரிக் கணக்குக்கோ வேண்டிய, வேறு பிரதியே இல்லாத கோப்பு என்றாலும் கை வைக்காமல் கொண்டுபோகலாம்.

கொடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். முதலில் டிஸ்க் முழுவதையும் நகலெடுத்து, நகலில்தான் வேலை செய்வீர்களா? கிடைத்த கோப்பைத் திறந்து காட்டிய பிறகுதான் பணமா, இல்லை பார்ப்பதற்கே தனிக் கட்டணமா? வேலை முடிந்ததும் நீங்கள் வைத்திருக்கும் நகலை எப்போது அழிப்பீர்கள்? முதல் கேள்விக்கு மழுப்பினால் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் சாதாரண சர்வீஸ் கடை ஒன்றில் கம்ப்யூட்டரைக் கொடுத்து, "ஃபைலை எடுத்துக் கொடுங்க, கொஞ்சம் ஸ்லோவாவும் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் ஸ்லோவை முதலில் சரிசெய்துவிட்டார்கள், விண்டோஸைப் புதிதாகப் போட்டு. அதன் பிறகு எடுக்க மிச்சம் இருந்தது அற்பம்.

## ஒரே பார்வையில்

| | பிரதி தேடுவது | winfr | ரெகுவா முதலியவை | லேப் |
|---|---|---|---|---|
| ஹார்டு டிஸ்க் | பலிக்கும் | நல்ல வாய்ப்பு | நல்ல வாய்ப்பு | நல்ல வாய்ப்பு |
| டிரிம் உள்ள எஸ்எஸ்டி | பலிக்கும் | பெயர் வரும், உள்ளடக்கம் வராது | பெயர் வரும், உள்ளடக்கம் வராது | அரிது |
| பணம் | இல்லை | கேபிள் அல்லது பென் டிரைவ் | இலவசம் முதல் சந்தா வரை | எல்லாவற்றிலும் அதிகம் |
| மறைசெலவு | பழைய வடிவம் கிடைக்கலாம் | நேரம், கட்டளைப் பயம் | ஏமாற்றும் பச்சைப் புள்ளி | கோப்பு பிறர் கையில் |
| தவிர்க்க வேண்டிய நேரம் | எப்போதும் இல்லை | டிஸ்க் சத்தம் போட்டால் | டிஸ்க் சத்தம் போட்டால் | எஸ்எஸ்டி, கோப்பு அவ்வளவு முக்கியமில்லை என்றால் |

## எந்த நிலையில் எது

எஸ்எஸ்டி என்றால் உங்கள் நேரம் முழுவதையும் வழி 1-க்குக் கொடுங்கள். யாருக்கு அனுப்பினோம், எந்தக் கணக்கில் ஏற்றினோம், எந்தப் பென் டிரைவில் போட்டுப் பிரின்ட் கடைக்குப் போனோம் என்று உட்கார்ந்து யோசிப்பது எந்த மென்பொருளையும்விடப் பயன்படும். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பியது, அனுப்பிய பெட்டியில் அப்படியே இருக்கும். நம்மில் பாதிப் பேர் இதை மறந்துவிடுகிறோம்.

ஹார்டு டிஸ்க், கோப்பு D:-இல் இருந்தது என்றால் டிஸ்க்கைக் கழற்றாமல் winfr-ஐ அதே கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம். C: வேறு டிரைவாகக் கணக்காவதால் மீட்டதை அங்கேயே போட்டுக்கொள்ளலாம்.

ஹார்டு டிஸ்க், கோப்பு C:-இல் இருந்தது என்றால் உடனே அணைத்துவிட்டு, கழற்றத் தெரிந்தவர் யாரையாவது கூப்பிடுங்கள். யாரும் இல்லையென்றால் பென் டிரைவில் ரெகுவா.

நீங்கள் எதையும் செய்யாமலே பின் தானாகக் காலியாகிவிட்டதா? விண்டோஸின் ஸ்டோரேஜ் சென்ஸ் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், 30 நாளைத் தாண்டியதைப் பின்னிலிருந்து அதுவே தூக்கிவிடும். அப்படியானால் அந்தக் கோப்பை நீங்கள் அழித்தே ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும், தனிநபர் ஒன்டிரைவின் கெடுவும் அநேகமாக முடிந்திருக்கும். அங்கே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு மின்னஞ்சல், வாட்ஸ்அப் பக்கம் போய்விடலாம்.

பொருளாளர் மீட்ட ஷீட்டை இப்போது மாதக் கடைசியில் தன் மகனுக்கு மின்னஞ்சலில் அனுப்பி வைக்கிறார். மகன் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லையாம். "திறக்க வேண்டாம்டா, அழிக்காம இரு, அது போதும்" என்று சொல்லியிருக்கிறார்.